கழி வந்து சேரும்வரை: மிதவை, நின்ற நீச்சல், கரையிலிருந்து மீட்பு ஆகியவற்றை ஆறு வகுப்புகளில் சொல்லித்தருவது

கேள்வி: 12, 13 வயதுப் பிள்ளைகள் 24 பேருக்கு ஆறு வகுப்புகளில் நீர்ப் பாதுகாப்பு எடுக்க வேண்டும். மிதப்பது, நின்ற இடத்திலேயே நீந்துவது, தண்ணீரில் இறங்காமல் எதையாவது நீட்டிக் காப்பாற்றுவது மூன்றும் பாடத்தில் இருக்கின்றன. பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எதை முதலில் எடுப்பது? சிலருக்கு மிதக்கவே வரவில்லை, கால் மூழ்கிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்:

முதல் வகுப்பில் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். கரையிலிருந்து மீட்பதை முதலில் எடுங்கள், அதுவும் காய்ந்த தரையில். பெரும்பாலான பாடத்திட்டங்களில் மிதவை முதலிலும் மீட்பு கடைசியிலும் வருகின்றன. எளியதிலிருந்து கடினமானதற்குப் போகிறோம் என்ற எண்ணத்தில் அப்படி வைக்கிறார்கள். உண்மையில் மூன்றிலும் எளியது மீட்புதான். நீச்சலே தெரியாத பிள்ளை ஒரே வகுப்பில் அதை முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியும். மிதவையை முதலில் கற்ற பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நான்கு வகுப்பு முடிந்ததும் தனக்குத் தண்ணீர் பழகிவிட்டது என்று நினைக்கும். அந்த நிலையில் நண்பன் தத்தளிப்பதைப் பார்த்தால் யோசிக்காமல் குதித்துவிடும். ஒருவர் மூழ்க, காப்பாற்றப் போன இன்னொருவரும் சேர்ந்து மூழ்குவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தண்ணீரில் கால் வைக்கும் முன்பே, "நான் இறங்க மாட்டேன், நீட்டுவேன்" என்பது கைப்பழக்கமாகியிருக்க வேண்டும்.

மூன்று பாடங்களையும் இணைக்கும் சரடு நேரம்தான். மிதவை, தண்ணீரில் இருப்பவருக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. நின்ற நீச்சல், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கவும் நீட்டப்படும் கழியைப் பிடிக்கவும் உதவுகிறது. கரையில் இருப்பவர் அந்த நேரம் தீர்வதற்குள் கழியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டால், பின்னால் ஒவ்வொரு பயிற்சியும் எதற்காக என்று அவர்களுக்கே புரியும்.

மூழ்குபவர் எப்படித் தெரிவார்

மீட்பைச் சொல்லித்தரும் முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்றுதான் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா 1970களில் உண்மையான மீட்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, நடப்பது வேறு என்று காட்டினார். மூழ்குகிறவருடைய வாய் தண்ணீருக்கு மேலே வருவதும் கீழே போவதுமாக இருக்கும். மேலே வரும் கணத்தில் மூச்சு இழுக்கவே நேரம் போதாது, பிறகு எங்கே கத்துவது? கைகள் இரு பக்கமும் விரிந்து, ஏணி ஏறுவதுபோலவோ படகின் விளிம்பை அழுத்துவதுபோலவோ தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைப்பு இருக்காது. இந்த நிலையில் ஒருவர் 20 முதல் 60 வினாடிவரைதான் மேற்பரப்பில் தாக்குப்பிடிப்பார் என்பது பியா சொன்ன கணக்கு.

மீட்பவருக்கு இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. சத்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது ஒன்று. கூப்பிட்டால் பதில் சொல்லாமல், செங்குத்தாக, நகராமல் ஒருவர் இருந்தாலே கழியை எடுத்துவிட வேண்டும். இன்னொன்றைப் பலரும் சொல்லித்தருவதில்லை. மூழ்குபவர் கையை முன்னால் நீட்டி எதையும் எட்டிப் பிடிக்க மாட்டார். அவர் கைகள் தண்ணீரை அழுத்துவதில் சிக்கியிருக்கின்றன. அரை மீட்டர் தள்ளிக் கழியைப் போட்டுவிட்டு "பிடி, பிடி" என்று கத்துவதில் பயனில்லை. கழி அவர் கையின் மேலோ, மார்புக்குக் குறுக்கேயோ, அக்குளுக்கு அடியிலோ போய்ப் பட வேண்டும். பட்டால் கை தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கத்தி உதவி கேட்பவரும் உண்டு. அவர் களைத்த நீச்சல்காரர், அவரால் இன்னும் பேசவும் கழியை எட்டவும் முடிகிறது. அவரையும் உடனே இழுக்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தத்தளித்தால், சத்தமில்லாதவருக்குத்தான் முதல் கழி.

ஏன் படுத்துக்கொண்டே நீட்ட வேண்டும்

"விளிம்பில் படுத்துக்கொள்" என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், அவசரத்தில் மறந்துவிடுவார்கள். காரணத்தை உடலால் உணர்ந்தவர்கள் மறப்பதில்லை. முதலில் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் விளிம்பில் நின்று, இடுப்பை வளைத்து, கையை நீட்டுகிறார். இந்த நிலையில் அவருடைய எடை மையம் கால் விரல்களுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கும். நீட்டிய கை விரல்களுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. சீசாப் பலகைபோலப் பாருங்கள்: 60 கிலோவை 5 சென்டிமீட்டரால் பெருக்கி 60 சென்டிமீட்டரால் வகுத்தால் 5 கிலோ. தண்ணீரில் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து வெறும் 5 கிலோ கீழ்நோக்கி அழுத்தினாலே நிற்பவர் கவிழ்ந்துவிடுவார். தன்னை மேலே தூக்கிக்கொள்ளப் பார்க்கும் சிறு பிள்ளைகூட அதைவிடப் பலமாக அழுத்தும்.

படுத்துவிட்டால் கவிழ்வது என்ற பேச்சே இல்லை. எடை முழுவதும் தரைமேல் பரவி, விளிம்புக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. மிஞ்சும் ஆபத்து வழுக்கிப் போவது மட்டும்தான். ஈரமான தரையில் அது நடக்கக்கூடியதே. அதனால்தான் காலை அகட்டி வைப்பதும், ஒரு கையால் அசையாத எதையாவது பற்றுவதும், இன்னொருவர் கணுக்காலை அழுத்திப் பிடிப்பதும்.

இதைக் காய்ந்த தரையில் காட்டுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு அதை விளிம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கோட்டில் நின்று குனிந்து ஒரு துண்டை நீட்டட்டும். கோட்டுக்கு அப்பால் முழந்தாளிட்டிருக்கும் இன்னொருவர் மறுமுனையை மெதுவாக, ஒரே சீராக இழுக்கட்டும். நிற்பவர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அவர் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று கணக்கு. பிறகு அவரே படுத்து, அதே துண்டை அதே ஆள் இழுக்கட்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, தோள்மூட்டுக்கு அடிபடும். ஐந்து நிமிடத்தில் 24 பேரும் இதைச் செய்துவிடலாம். அதன்பின் யாரும் நின்றுகொண்டு நீட்ட மாட்டார்கள்.

நீட்டும் முறை

பார்த்ததும் உரக்க உதவிக்குக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் பலர் இருந்தால் ஒருவரைக் கைகாட்டி, "நீ போய்ப் பெரியவரைக் கூட்டி வா, அவசர எண்ணுக்குப் போன் பண்ணச் சொல்" என்று அவரிடமே சொல்ல வேண்டும். பொதுவாகச் சொன்னால் எல்லோரும் அடுத்தவர் போவார் என்று நின்றுவிடுவார்கள். இதற்குள்ளேயே கை கழியைத் தேட வேண்டும், கண் தண்ணீரில் இருப்பவரை விட்டு விலகக் கூடாது.

பிறகு விளிம்பிலிருந்து ஒரு அடி பின்னால் முழந்தாளிட்டு, குப்புறப் படுத்து, தோள் மட்டும் விளிம்புக்கு வரும்படி நகர வேண்டும். நெஞ்சு முழுவதும் வெளியே தொங்கினால் படுத்ததன் பயன் போய்விடும். கால்கள் அகலமாக விரிந்திருக்கட்டும். ஏணிக் கம்பி, மரவேர், தூண் என ஏதாவது கைக்கு எட்டினால் அதை ஒரு கையால் பற்றிக்கொள்ள வேண்டும். கழியை அவரை நோக்கி நேராகக் குத்துவதுபோல நீட்டக் கூடாது. முகத்திலோ தொண்டையிலோ படும். அவருக்கு ஒரு பக்கமாக நீட்டி, தண்ணீரின் மேற்பரப்போடு பக்கவாட்டில் நகர்த்தி, மார்பில் படும்படி கொண்டுவர வேண்டும். அவர் பெயரைச் சொல்லி, சுருக்கமாக, "கழியைப் பிடி. காலை உதை" என்று சொன்னால் போதும்.

பிடித்ததும் வேகமாக இழுக்கும் ஆசை வரும். அங்கேதான் கழி கையிலிருந்து நழுவுகிறது. ஒரு கை மாற்றி ஒரு கை வைத்து, ஒரே சீராக இழுக்க வேண்டும். அருகில் வந்தவர் கழியை விட்டுவிட்டு மீட்பவரின் கையை, கழுத்தைப் பிடிக்கப் பார்ப்பார். அதற்கு இடம் கொடுக்காமல், கழியாலேயே அவரை விளிம்புக்கு வழிகாட்டி, "விளிம்பைப் பிடி" என்று சொல்ல வேண்டும். அவர் கையை விளிம்பின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, பெரியவர் வரும்வரை அப்படியே வைத்திருந்தால் போதும். 12 வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்க வேண்டியதில்லை, தூக்க முயலவும் கூடாது.

எப்போதாவது தன்னையே இழுத்துவிடும் என்று தோன்றினால் கழியை விட்டுவிட வேண்டும். இதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் இதைத் தோல்வி என்று நினைத்து விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். விட்ட கழி தண்ணீரில் இருப்பவர் கையில்தான் இருக்கும், கரையில் இருப்பவர் அடுத்ததை எடுத்து நீட்டலாம். இந்தக் காரணத்தாலேயே கழியின் நுனியில் கட்டிய கயிற்றைக் கைமணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

எதை நீட்டலாம்? கொக்கி வைத்த நீச்சல்குளக் கழிதான் நல்லது. 3 மீட்டருக்குக் குறையாத மூங்கில், துடுப்பு, நீளமான துடைப்பக் கழி எல்லாம் ஆகும். கிளை என்றால் முதலில் தரையில் ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். காய்ந்த கிளை பாதியில் முறிந்தால் போன வினாடிகள் திரும்பி வராது. கழி இல்லாவிட்டால் துண்டு, சட்டை. துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு வீசினால் எடை கூடி நேராகப் போகும், காய்ந்த துணி காற்றில் மடங்கித் திரும்பும். வெறும் கையை நீட்டுவது கடைசி வழி. அதிலும் மணிக்கட்டை மணிக்கட்டால் பிடிக்க வேண்டும், விரல்களை விரல்களால் பிடித்தால் வழுக்கும். கை எட்டாமல் கால் எட்டும் இடத்தில், ஏணியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு காலை நீட்டுவதும் உண்டு என்று ஒருமுறை காட்டினால் போதும்.

கைகோத்து மனிதச் சங்கிலியாகத் தண்ணீருக்குள் போவதைச் சொல்லித்தர வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவில் ஒருவர் கால் வழுக்கினால், அவருக்கு அப்பால் இருக்கும் அத்தனை பேரும் ஆழத்தில் நிற்பார்கள். ஒருவர் இறங்காமல் காப்பாற்றும் பாடத்தில் அதற்கு இடமே இல்லை.

மிதவை: முதலில் எழுந்து நிற்பது

இரண்டாம் வகுப்பில் தண்ணீருக்கு வரலாம். பிள்ளைகளின் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஆழம் போதும். 12 பேர் மட்டும் இறங்கட்டும், அதிலும் ஆறு பேர் மிதக்க, ஆறு பேர் தாங்கட்டும். மீதி 12 பேர் கரையில் கழிப் பயிற்சியைத் தொடரட்டும், அவர்களையும் ஒரு பெரியவர் நடத்த வேண்டும். நீங்கள் சொல்லித்தரும் நேரத்தில் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவர் தனியாக வேண்டும். சொல்லித்தருபவரின் கவனம் எப்போதும் ஒரு பிள்ளைமேல் இருக்கும், அதே நேரத்தில் அவரால் காவலும் இருக்க முடியாது.

மிதக்கப் பயப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் மிதப்பதற்குப் பயப்படுவதில்லை, படுத்த பின் எப்படி எழுந்து நிற்பது என்று தெரியாமல்தான் பயப்படுகிறார்கள். ஆகவே எழுவதை முதலில் சொல்லிக்கொடுங்கள். மல்லாந்திருக்கும்போது, முழங்கால்களை மார்புக்கு இழு, தாடையை முன்னுக்குக் கொண்டுவா, இரு கையையும் பின்னாலிருந்து முன்னுக்குத் தண்ணீருக்குள் வீசு. உடல் தானாகச் சுழன்று நிமிரும், அப்போது காலை ஊன்று. இந்த வரிசை மாறக் கூடாது. முழங்காலை மடக்காமல் தலையை மட்டும் தூக்கினால் இடுப்பு மூழ்கி, மூக்கில் தண்ணீர் ஏறும். ஒருமுறை அப்படி ஆன பிள்ளை அன்றைக்கு மறுபடி படுக்காது. துணைவர் தோளைத் தாங்க, ஒவ்வொருவரும் பத்துமுறை எழுந்து நின்ற பிறகே மிதவைக்குப் போங்கள்.

மிதவையின் அறிவியல் சிறியது, ஆனால் எல்லாத் தவறும் அதிலிருந்தே வருகிறது. நுரையீரல் நிறைந்திருந்தால் பெரும்பாலோரின் உடல் தண்ணீரைவிடக் கொஞ்சம் இலேசு. மூச்சை முழுக்க விட்டால் கொஞ்சம் கனம். அரை லிட்டர் காற்றை வெளியே விட்டால் மிதக்கும் சக்தியில் அரைக் கிலோ குறைகிறது. நுரையீரல் நிறைந்திருக்கும்போதுகூடக் கையிருப்பு ஒன்றிரண்டு கிலோதான். தலையின் எடையோ நான்கைந்து கிலோ. தலை தண்ணீரில் கிடக்கும்வரை அதன் எடையைத் தண்ணீர் சுமக்கிறது. சுற்றிப் பார்க்கத் தலையைத் தூக்கியதும் அந்தச் சுமை உடல்மேல் விழுகிறது, கையிருப்பு தீர்ந்துபோகிறது. "காது தண்ணீருக்குள், கண் கூரையில், வயிறு மேலே" என்ற மூன்று கட்டளைகளும் இதற்காகத்தான்.

துணைவர் பின்னால் நின்று, ஒரு கையைப் பிடரிக்கு அடியிலும் மறுகையைத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் வைக்கட்டும். மிதப்பவர் தோள்வரை தண்ணீரில் அமிழ்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாகச் சாயட்டும். தரையை உதைத்துத் துள்ளக் கூடாது, துள்ளினால் கால் மேலே வந்து, பிறகு அதே வேகத்தில் கீழே இறங்கி உடலையும் இழுத்துச் செல்லும். மூச்சு: உள்ளே வைத்து மூன்று நான்கு வினாடி, பிறகு சட்டென்று விட்டு, உடனே இழு. காலியான நுரையீரலோடு இருக்கும் நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நிதானமாக நீண்ட மூச்சு விடு என்று சொல்வது தரையில் சரி, இங்கே அதனால் முகம் மூழ்கும். துணைவர் உள்ளங்கையிலிருந்து இரண்டு விரல், இரண்டிலிருந்து ஒன்று என்று குறைத்து, கடைசியில் எடுத்துவிடலாம். எடுப்பதை மிதப்பவரிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

இப்போது கால் மூழ்கும் கதைக்கு வருகிறேன். அது தவறு இல்லை, உடலின் அமைப்பு அப்படி. நம்மை மேலே தூக்கும் மையம் காற்று இருக்கும் மார்பில் இருக்கிறது, எடையின் மையம் அதைவிடக் கீழே, தொப்புளுக்கு அருகில். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வரும்வரை உடல் சுழலும், அதாவது கால் இறங்கும். ஒல்லியான, தசை வலுத்த பையன்களுக்கு இது அதிகம். அவர்களிடம் "காலைத் தூக்கு" என்று சொன்னால் வயிற்றை இறுக்கி, தலையைத் தூக்கி, முழுசாக மூழ்குவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு மாற்றங்கள் செய்யச் சொல்லுங்கள். கைகளைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகத் தலைக்கு மேல்பக்கம் நீட்டட்டும், எடை மையம் மார்பை நோக்கி நகரும். முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்தொடைப் பக்கம் கொண்டுவரட்டும், காலின் நெம்புகோல் குட்டையாகும். இதன் பிறகும் கால் இறங்கினால் இறங்கட்டும். உடல் சாய்வாக, ஏன், ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கினாலும் முகம் மட்டும் வெளியே இருந்தால் அதுவும் மிதவைதான். படுக்கையாக மிதப்பதை மதிப்பெண்ணுக்குரிய ஒரே வடிவமாக வைத்துவிட்டால், ஒல்லிப் பிள்ளைகள் தங்களுக்கு மிதக்கவே வராது என்று முடிவுகட்டிவிடுவார்கள். சாய்வாகத் தொங்குபவர்களுக்கு இடுப்பருகே கைகளை லேசாக அசைக்கச் சொன்னால் போதும். அது அடுத்த பாடத்துக்கும் வாசல்.

இன்னொரு எச்சரிக்கை. யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியை முளையிலேயே தடுத்துவிடுங்கள். வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு முங்கினால், மூச்சு வேண்டும் என்ற உந்துதல் வருமுன்பே நினைவு தப்பலாம். அதற்கு ஆழம் தேவையில்லை, இடுப்பளவுத் தண்ணீரிலும் நடக்கும், சத்தமே இருக்காது.

நின்ற நீச்சல்: கை முதலில், கால் பிறகு

நான்காம் வகுப்பில் மார்பளவு ஆழத்தில் நிற்க வைத்து, கையை மட்டும் பழக்குங்கள். முழங்கை விலாவுக்கு அருகில், முன்கை தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. மேசைமேல் கிடக்கும் மணலை இரு பக்கமும் தள்ளிப் பரப்பி, மறுபடி நடுவில் கூட்டுவதுபோல. வெளியே போகும்போது உள்ளங்கை வெளிப்பக்கம் சாய்ந்து கட்டைவிரல் தாழ்ந்திருக்கும், உள்ளே வரும்போது உள்பக்கம் சாய்ந்து கட்டைவிரல் உயர்ந்திருக்கும். இரண்டு திசையிலும் கை தண்ணீரைக் கொஞ்சம் கீழே தள்ளுகிறது, ஆகவே தூக்குதல் நிற்பதே இல்லை. சரியாக வந்தால், காலைத் தரையிலிருந்து எடுத்து முழங்காலை மடக்கும்போது ஓரிரு வினாடியாவது தொங்க முடியும்.

பிள்ளைகள் இயல்பாகச் செய்வது கையை மேலும் கீழுமாக அடிப்பது. கீழே அடிக்கும்போது கிடைத்த உயரம், கையை மேலே எடுக்கும்போது போய்விடும். கண்டுபிடிப்பது எளிது: தலை மேலும் கீழும் குதித்தால் கை அடிக்கிறது, தலை ஒரே மட்டத்தில் நின்றால் கை சரியாகப் பரப்புகிறது.

காலுக்கு எக்பீட்டர் உதைதான் மிகச் சிறந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததுபோல முழங்காலை அகட்டி, வலது காலும் இடது காலும் மாறிமாறி எதிரெதிர்த் திசையில் வட்டமிடும் உதை அது. தூக்குதல் ஒரே சீராக வரும், களைப்பும் குறைவு. ஆனால் அது நன்றாக வர வாரக்கணக்கில் ஆகும். ஆறு வகுப்பில் அதைக் கட்டாயமாக்கினால் பாதிப் பேர் எதுவும் கற்காமல் போவார்கள் என்பது என் கருத்து. தவளை உதையோ, கத்தரி உதையோ, சைக்கிள் மிதிப்பதோ, எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் திருத்துங்கள்: பாதம் நீண்டு கூராக இருந்தால் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும், தள்ளாது. பாதத்தை மேல்நோக்கி மடக்கி, உள்ளங்காலால் தண்ணீரை மிதிக்கச் சொல்லுங்கள். விளிம்பில் உட்கார்ந்து, பிறகு ஆழத்தில் ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, பிறகு விளிம்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் என்று நகருங்கள். விளிம்பை விட்டுவிட்டு நடுவே போவதற்கு இந்தப் பாடத்தில் தேவை எதுவும் இல்லை. மிதவையும் எழுந்து நிற்பதும் கைவராத பிள்ளைகள் மார்பளவிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் மட்டம் கீழுதட்டுக்கும் தாடைக்கும் இடையில் இருந்தால் சரி. கழுத்து முழுக்க வெளியே இருந்தால் பிள்ளை தேவைக்கு மேல் உழைக்கிறது, அரை நிமிடத்தில் களைக்கும். பேச்சு நல்ல அளவுகோல். பெயரையும் வகுப்பையும் தடையில்லாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, சொல் சொல்லாக உடைந்தால் உழைப்பு அதிகம். 30 வினாடி நின்ற நீச்சல், பிறகு 30 வினாடி மிதவை என்று மாற்றி மாற்றிப் பழக்குங்கள். களைத்தவர் மல்லாந்து ஓய்வெடுக்கலாம் என்பது அவர்கள் உடம்பில் பதிய வேண்டும்.

இங்கே ஒரு சோதனை செய்யுங்கள். நின்ற நீச்சலில் இருக்கும்போது இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், உடனே மூழ்குவார்கள். பிறகு ஒரு கையை மட்டும் முழங்கைவரை தூக்கட்டும், அதைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். உதவி கேட்க ஒரு கையைத்தான், சில வினாடி மட்டும் தூக்க வேண்டும் என்பதும், கழியைப் பிடிக்கவும் ஒரு கையே நீள வேண்டும் என்பதும் விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நீர்த்திறனுக்கு வைத்திருக்கும் வரிசையிலும் இந்தப் பகுதி உண்டு. ஆள் ஆழத்தில் இறங்கி மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது அல்லது நின்ற நீச்சலில் இருப்பது, ஒரு முழு வட்டம் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அங்கே நீந்திப் போவது, ஏணியில்லாமல் வெளியேறுவது என்று அது போகிறது. நீச்சல் தெரியாதவர்களிடம் நீந்துவதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வட்டம் திரும்புவதைக் கட்டாயம் சேருங்கள். கழி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

ஆறாம் வகுப்பு: மூன்றும் ஒன்றாக

ஒரு சூழலை எடுத்து வினாடியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கால் எட்டாத ஆழத்தில், மிதவையும் நின்ற நீச்சலும் நன்றாக வந்த பிள்ளை ஒருவர். உயிர்காப்பாளர் தண்ணீரிலேயே, அவருக்குக் கை எட்டும் தூரத்தில். கரையில் இரண்டு பேர். விசில் அடித்ததும் கரையில் இருப்பவர் கூவி ஆளனுப்ப 3 வினாடி. கழி ஆறு தப்படித் தொலைவில் இருந்தால் போய் எடுத்துத் திரும்ப 8 வினாடி. படுக்க 3. நீட்டி மார்பில் சேர்க்க 4. மொத்தம் 18. மூழ்குபவருக்கு இருக்கும் குறைந்தபட்ச அளவான 20 வினாடிக்குள் இது மயிரிழையில் அடங்குகிறது. அதே கழி 20 மீட்டர் தள்ளி ஒரு அறைக்குள் இருந்தால், ஈரத் தரையில் ஓடவும் முடியாது, போய்வரவே அரை நிமிடம் போய்விடும். கழி சுவரில், பூட்டில்லாமல், தண்ணீருக்கு ஆறு தப்படிக்குள் தொங்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். இரண்டாவது ஆள் இருந்தால் கழி எடுக்கப் போனவர் திரும்புவதற்குள் துண்டை நீட்டிப் பார்க்கட்டும்.

முதல் சுற்றில் 30 வினாடிக்கு மேல் ஆகும். எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கழியைத் தேடுவதிலும், இரண்டு பேரும் ஒரே கழியைப் பிடித்து இழுப்பதிலும்தான். பிறகு ஒரு சுற்றில் கழியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, ஒன்றரை நிமிடம் கழித்து நீட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் இருப்பவர் மல்லாந்து காத்திருந்து, குரல் கேட்டதும் செங்குத்தாகி, திரும்பி, ஒரு கையால் பிடிக்க வேண்டும். மிதக்கத் தெரியாதவருக்கு 20 வினாடி என்றால், தெரிந்தவருக்கு இத்தனை நேரம் கிடைக்கிறது என்பதை இருவரும் சேர்ந்தே பார்ப்பார்கள்.

முடிந்தால் இன்னொரு சுற்றைச் சாதாரண உடையோடு, மார்பளவு ஆழத்தில் செய்யுங்கள். நனைந்த உடை தண்ணீருக்குள் ஆளைக் கீழே இழுப்பதில்லை, அசைவைத்தான் கனமாக்குகிறது. தோளருகே சிக்கிய காற்று முதலில் கொஞ்சம் தூக்கவும் செய்யும். உடையைக் கழற்றப் போராடித்தான் பலர் களைக்கிறார்கள். மேலே ஏறும்போது மட்டும் எடை முழுவதும் தெரியும். குளிர்ந்த தண்ணீரைப் பற்றி வாயால் சொன்னால் போதும்: விழுந்ததும் மூச்சு திணறித் தானாக இழுக்கும், ஒன்று ஒன்றரை நிமிடத்தில் அது தணியும், அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து கிடக்க வேண்டும்.

இந்த முறைக்கு எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிடுங்கள். அசைவில்லாமல் குப்புறக் கிடப்பவர் கழியைப் பிடிக்க மாட்டார். கொக்கிக் கழி இருந்தால் அக்குளில் மாட்டி இழுக்கலாம், இல்லையென்றால் அது பெரியவர்களின், உயிர்காப்பாளரின் வேலை. கழிக்கு எட்டாத தூரம் என்றால், கால்பங்கு டம்ளர் தண்ணீர் விட்டு மூடிய காலி கேனையோ மிதவையையோ வீச வேண்டும், முடிந்தால் கயிறு கட்டி, அவரைத் தாண்டி விழும்படி. இரண்டும் முடியாவிட்டால் பிள்ளை செய்ய வேண்டியது, கண்ணை எடுக்காமல் அந்த இடத்தைக் கைகாட்டிக்கொண்டே கத்துவது. வருகிறவர்களுக்கு மூழ்கிய இடத்தைக் காட்ட வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கரை சேர்ந்தவர் மூச்சுவிடாமல் இருந்தால், நீரில் மூழ்கியவருக்கு முதலுதவி மூச்சு ஊதுவதில் தொடங்கும், மார்பை அழுத்துவது அதற்கு அடுத்தது. அதில் பயிற்சி பெற்ற பெரியவர் குளத்தருகே இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எழுந்து நடந்தாலும் இருமல் நிற்காதவர், மூச்சு வாங்குபவர், தூக்கக் கலக்கமாக இருப்பவர், சிறிது நேரமாவது நினைவு தப்பியவர் ஆகியோரை வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியக்கூடும்.